கீமோ நாட்களில் காய்ச்சல்: 100.4 வந்தால் ஏன் உடனே போன் செய்ய வேண்டும்?

கீமோ வார்டில் இரவு ட்யூட்டி பார்க்கும் நர்சுகளுக்கு நன்றாகப் பழகிய போன் ஒன்று உண்டு. விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு வரும். "சிஸ்டர், அப்பாவுக்கு நேத்து ராத்திரி லேசா காய்ச்சல் இருந்துச்சு. மாத்திரை போட்டோம், விட்டுடுச்சு. இப்ப எழுந்து நிக்க முடியல, ஒரு மாதிரி உளர்றாரு." பேசுபவர் அக்கறை இல்லாத ஆள் இல்லை. ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர். காய்ச்சல் லேசாக இருந்ததால் விஷயமும் லேசானது என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கை எங்கே தவறுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருகிறோம். ஏன் என்று விளக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. காரணம் புரியாத விதியை ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள்.

## மூன்று நாள் பார்ப்போம் என்பது யாருக்குப் பொருந்தும்?

நம் வீடுகளில் காய்ச்சலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாள் கஞ்சி, மாத்திரை. இரண்டாம் நாள் பார்ப்போம். மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் டாக்டர். ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரும்பாலும் சரியான கணக்குதான். அந்த மூன்று நாளும் உடம்பு சும்மா இருப்பதில்லை, உள்ளே ஒரு பெரிய படை வேலை செய்துகொண்டிருக்கிறது. நாம் அதற்கு அவகாசம் கொடுக்கிறோம்.

அந்தப் படையில் பாக்டீரியாவை முதலில் போய் மடக்குவது நியூட்ரோபில். இது வெள்ளை அணுக்களில் ஒரு வகை. பாக்டீரியா எங்கே நுழைந்தாலும் ரத்தத்திலிருந்து இறங்கி அங்கே ஓடிப்போய் அதை விழுங்கிக் கொல்லும், கொன்றதும் தானும் சாகும். ரத்தத்தில் இதன் ஆயுள் ஒரு நாள் கூட நிற்காது. அதனால் எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வரத்து நின்றாலே ரத்தத்தில் இருப்பு தீர்ந்துவிடும்.

கீமோ கைவைப்பது இந்த இடத்தில்தான். வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வதுதான் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகுகிறது, அதனால் சாகிறது. மஜ்ஜையும் வேகமாகப் பெருகுகிறது, அதனால் அதற்கும் அடி விழுகிறது.

## மாவுக் கடையில் அரைப்பு நின்றால்

இதில் பலரைக் குழப்புவது நாள் கணக்கு. கீமோ போட்ட அன்றும் மறுநாளும் ஆள் வாந்தியும் சோர்வுமாக இருப்பார். ஒரு வாரம் போனதும் முகம் தெளிந்து, ரசம் சாதம் கேட்டுச் சாப்பிடுவார். கஷ்டமான கட்டம் முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் வெள்ளை அணுக்களுக்கு அப்போதுதான் மோசமான நேரம் தொடங்குகிறது.

தெருமுனை இட்லி மாவுக் கடையை நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை கிரைண்டர் கெட்டுப்போனால் அன்றைக்கே கடை மூடிவிடாது. ஏற்கெனவே அரைத்துப் புளித்த மாவு பாக்கெட்டில் இருக்கிறது, அதை விற்பார்கள். அது தீர்ந்த பிறகுதான் கடை காலி. கிரைண்டரைச் சரிசெய்த அன்றும் மாவு கிடைக்காது. அரிசி ஊற வேண்டும், அரைக்க வேண்டும், புளிக்க வேண்டும்.

மஜ்ஜையும் இப்படித்தான். கீமோ கொல்வது பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்களை. பெருகி முடித்து, முற்றிப்போய் வெளியே கிளம்பத் தயாராக இருக்கும் நியூட்ரோபில்கள் தப்பித்துவிடும். முதல் சில நாள் அவைதான் ரத்தத்துக்கு வரும். அந்த இருப்பு தீர்ந்ததும் எண்ணிக்கை சரிகிறது. பல கீமோ முறைகளில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை அது அடிமட்டத்தில் இருக்கும். அதன் பிறகு புதியவை முற்றி வந்து, மூன்று நான்கு வாரத்தில் பழைய நிலை திரும்பும். சில மருந்துகளுக்கு இந்த நாட்கள் முன்னே பின்னே மாறும். உங்கள் மருந்துக்கு எந்த நாள் என்று டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு தவறும் இதே இடத்தில் நடக்கிறது. கீமோவுக்கு முந்தின நாள் ரத்தப் பரிசோதனை செய்திருப்பார்கள். "போன வாரம்தான் கவுன்ட் எடுத்தோம், 6,200 இருந்துச்சு, நார்மல்னு சொன்னாங்க" என்பார்கள். அது கிரைண்டர் கெடுவதற்கு முந்தின நாள் எடுத்த இருப்புக் கணக்கு. பத்தாம் நாள் நிலவரத்தை அது சொல்லாது.

அந்த ரிப்போர்ட்டைப் படிக்கும்போது டோட்டல் கவுன்ட்டை, அதாவது வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கையை, மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. அதில் நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். டோட்டல் கவுன்ட் 1,100, நியூட்ரோபில் 18 சதவீதம் என்று இருந்தால்:

```
1100 × 18 ÷ 100 = 198
```

கையில் இருக்கும் படை 198 மட்டும்தான். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாக இது 1,500-க்கு மேல் இருக்கும். 500-க்குக் கீழே போனால் ஆபத்தான குறைவு. இந்தக் குறைவோடு காய்ச்சலும் சேர்ந்தால் அதற்கு ஃபெப்ரைல் நியூட்ரோபீனியா என்று பெயர். மருத்துவமனையில் இந்தச் சொல் காதில் விழுந்தால், படை இல்லாத நேரத்தில் வந்த காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பாக்டீரியாவை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில்கள் கீமோவுக்கு ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய தீர்ந்துபோகின்றன. ஆள் பார்க்கத் தெம்பாக இருக்கும் நாட்களிலேயே இது நடக்கலாம்.

## கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டுமா?

"நாங்க யாரையும் வீட்டுக்குள்ள விடல, வெளிச்சாப்பாடு கொடுக்கல, எப்படி இன்ஃபெக்ஷன் வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கும்போது அவர்கள் குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும். அதற்கு அவசியமே இல்லை. இந்தக் காய்ச்சல்களில் பலவற்றுக்குக் காரணமான கிருமி நோயாளியின் உடம்பிலேயே இருப்பதுதான்.

நம் குடலில் எப்போதும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. குடலின் உட்சுவர் அவற்றை ரத்தத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. அந்தச் சுவரின் செல்களும் வேகமாகப் பெருகுபவை என்பதால் கீமோ அவற்றையும் அரிக்கிறது. வாயில் புண் வருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம், அதே மாதிரிப் புண் குடலிலும் வரலாம். சுவரில் விரிசல், காவலுக்கும் ஆள் இல்லை. மருந்து ஏற்றுவதற்காகக் கை, மார்பில் வைத்திருக்கும் பிக் லைன், போர்ட் போன்ற குழாய்கள் வழியாகத் தோல் கிருமிகளும் நுழையலாம். எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் இது நடக்கக்கூடியது.

## கூப்பாடு போட ஆள் உண்டு, மடக்கிப் பிடிக்க ஆள் இல்லை

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். தொற்று பெரிதாக இருந்தால் காய்ச்சலும் பெரிதாகத்தானே அடிக்க வேண்டும்?

ஒரு கிராமத்தில் இளவட்டங்கள் எல்லோரும் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். திண்ணையில் பெரியவர்கள் சிலர் மட்டும் இருக்கிறார்கள். திருடன் வந்தால் அவர்கள் "திருடன், திருடன்" என்று கத்துவார்கள். துரத்திப் பிடிக்க முடியாது. அந்தக் கூப்பாடு எவ்வளவு சத்தமாக இருந்தது என்பதை வைத்து எத்தனை திருடர்கள் வந்தார்கள் என்று சொல்லவும் முடியாது.

உடம்பிலும் திசுக்களுக்குள்ளேயே நெடுநாள் தங்கியிருக்கும் சில காவல் செல்கள் கீமோவுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும். பாக்டீரியாவைக் கண்டதும் அவை ரசாயனச் சைகை அனுப்பும். அந்தச் சைகை மூளைக்குப் போய் உடம்பின் வெப்பநிலையைக் கூட்டச் சொல்லும். அதுதான் காய்ச்சல். அது கிருமி வந்திருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. எவ்வளவு கிருமி என்று அளந்து சொல்லும் மீட்டர் அதில் இல்லை.

சாதாரண ஆளுக்குக் காய்ச்சலோடு வேறு தடயங்களும் கிடைக்கும். புண் என்றால் சீழ் வைக்கும், நெஞ்சில் சளி கட்டும், சிறுநீரில் சீழ் செல்கள் தெரியும், எக்ஸ்ரேயில் நிமோனியா வெள்ளையாகப் படரும். இவற்றில் பெரும்பங்கு நியூட்ரோபில்கள் வந்து சண்டை போட்டதன் அடையாளம். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தான். படையே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? நிமோனியா இருந்தும் முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். போர்ட் வைத்த இடத்தில் தொற்று இருந்தும் மேலே லேசான சிவப்பும் வலியும் மட்டும் தெரியலாம். "சளி இல்ல, இருமல் இல்ல, எங்கயும் வலி இல்ல, வெறும் காய்ச்சல்தான்" என்று வீட்டில் நிம்மதியாகச் சொல்வார்கள். அதைக் கேட்கும் எங்களுக்கு நிம்மதி வராது. மற்ற மணிகள் அறுந்துபோன வீட்டில் ஒலிக்கும் ஒரே மணி அது.

ஆகக் காய்ச்சல் எவ்வளவு ஏறியது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி.

## மாத்திரை போட்டதும் விட்டுவிடுகிறதே?

பாராசிட்டமால் வெப்பநிலையைக் கூட்டும் அந்தச் சைகையை மூளை அருகே அமுக்குகிறது. பெரியவர்களின் வாயைப் பொத்துகிற மாதிரி. திருடன் உள்ளேதான் இருக்கிறான். ஆறு மணி நேரம் கழித்து மருந்தின் வேகம் தணியும்போது மறுபடி காய்ச்சல் வரும், அதற்குள் ஒரு இரவு போயிருக்கும்.

அந்த இரவின் விலை என்ன என்று சின்னக் கணக்கு போடலாம். ஒரு பாக்டீரியா மணிக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு இருந்தது காலை ஆறு மணிக்கு எட்டு முறை இரட்டிப்பாகி 256 மடங்கு ஆகிவிடும். உடம்புக்குள் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடக்காது. ஆனால் தடுக்க ஆள் இல்லாதபோது ஓட்டம் இந்தத் திசையில்தான்.

ரத்தத்தில் கிருமி பெருகும்போது ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிய ஆரம்பிக்கும். பிபி இறங்கும். சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போக வேண்டிய ரத்தம் போய்ச் சேராது. தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே இப்படி உறுப்புகளைக் கெடுக்கும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். காலையில் அப்பா எழுந்து நிற்க முடியாமல் உளறியது அதனால்தான்.

டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும் காய்ச்சலை மறைக்கும். பல கீமோ முறைகளில் இவை வாந்திக்கோ சிகிச்சையின் பகுதியாகவோ கொடுக்கப்படுகின்றன. வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். அதனால் தெர்மாமீட்டர் 98 காட்டினாலும், உடம்பு தூக்கிப்போடும்படி குளிர் நடுக்கம், தலைசுற்றல், மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல் இருந்தால் அதே அவசரம்தான்.

அப்புறம் "கீமோ சூடு" என்ற பேச்சு. மருந்து சூடு, அதனால் உடம்பு சுடுகிறது, இளநீர் கொடு, தலைக்கு எண்ணெய் வை என்று பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். ஜெம்சிடபின், பிளியோமைசின் போன்ற சில மருந்துகள் தாமாகவே காய்ச்சலைக் கொண்டுவருவது உண்மைதான். ஆனால் இது மருந்துக் காய்ச்சல், இது தொற்றுக் காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பிரிக்க யாராலும் முடியாது. தொற்று இல்லை என்று பரிசோதித்த பிறகு வர வேண்டிய முடிவு அது.

## டாக்டர்கள் ஏன் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதில்லை?

ஒரு காலத்தில் காத்திருந்தார்கள். நியூட்ரோபில் குறையக் குறையத் தொற்று கூடுகிறது என்பதை 1966-இல் அமெரிக்காவில் ஜெரால்ட் போடியும் அவரது குழுவினரும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் எண்ணிக்கையோடு காட்டினார்கள். அப்போதெல்லாம் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகு மருந்து கொடுப்பதுதான் முறை. கிருமி வளர்ந்து தெரிய ஒன்றிரண்டு நாளாவது ஆகும். அதற்குள் பல நோயாளிகள் இறந்துபோனார்கள். 1971-இல் ஸ்டீபன் ஷிம்ப்ஃபும் உடன் பணியாற்றியவர்களும், காய்ச்சல் வந்த உடனேயே, கிருமி தெரியாமலே, இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துத் தொடங்கியதன் நல்ல பலனை வெளியிட்டார்கள். அதிலிருந்துதான் இன்றைய முறை வந்தது: ரத்தத்தை எடு, மருந்தை ஏற்று, பிறகு ரிசல்ட்டைப் பார். மருத்துவமனை வாசலை மிதித்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. நீங்கள் வாசலுக்கு வந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

## ஒரே இரவு, இரண்டு விதமாக

பரமக்குடியில் 52 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய், மதுரையில் கீமோ, 21 நாளுக்கு ஒரு சைக்கிள். நோயாளிகள் "சிவப்பு மருந்து" என்று சொல்வார்களே, அது ஏறுகிறது. இன்று பத்தாம் நாள். சாயங்காலம் லேசான உடம்பு வலி. இரவு 8.40-க்கு வாயில் வைத்த தெர்மாமீட்டர் 100.6 காட்டுகிறது.

முதல் விதம்: மாத்திரை போடுகிறார்கள், பத்து மணிக்கு 98.9. தூங்குகிறார். மூன்று மணிக்கு நடுக்கம், இரண்டு போர்வை போர்த்துகிறார்கள். ஐந்து மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர் சரிகிறார். வண்டி பிடித்து மதுரை சேரும்போது ஏழரை. பிபி 80/50. நேராக ஐசியு.

இரண்டாம் விதம்: 8.45-க்கு மகன் போன் செய்கிறார்.

"சிஸ்டர், அம்மாவுக்கு 100.6 இருக்கு. லேசாதான், வேற ஒண்ணும் இல்ல."

"கடைசி கீமோ என்னைக்கு போட்டீங்க?"

"பத்து நாள் ஆச்சு சிஸ்டர்."

"மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"கொடுக்காதீங்க. ஃபைலை எடுத்துக்கிட்டு இப்பவே கிளம்பி வாங்க. கேஷுவாலிட்டியில கீமோ பேஷன்ட், காய்ச்சல்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. வழியில நடுக்கமோ மயக்கமோ வந்தா 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு எங்களுக்குச் சொல்லுங்க."

பத்தே முக்காலுக்கு வந்துவிடுகிறார்கள். பிபி 110/70. போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்ததும், 11.10-க்கு ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்குகிறது. அதன் பிறகுதான் ரத்த ரிப்போர்ட் வருகிறது: நியூட்ரோபில் 140. மூன்றாம் நாள் காய்ச்சல் அடங்குகிறது. ஐந்தாம் நாள் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. இதுவும் சகஜம்தான். பலருக்கு எந்தக் கிருமி என்று கடைசி வரை தெரியாமலே குணமாகிவிடும்.

இப்படி வருகிற எல்லோரையும் படுக்க வைப்பதில்லை. எண்ணிக்கை நன்றாக இருந்தால், அல்லது பரிசோதித்து ஆபத்து குறைவு என்று தெரிந்தால், வாய்வழி மாத்திரையோடு அனுப்புவதும் உண்டு. அதை வீட்டிலிருந்தே ஊகிக்க முடியாது. "ராத்திரி நேரத்துல வீணா தொந்தரவு பண்ணிட்டோமே" என்று சங்கடப்படுகிறார்கள். சாதாரணக் காய்ச்சலாக முடிந்த போன்களை எந்த நர்சும் குறையாக நினைப்பதில்லை. அந்த ராத்திரி எங்களுக்கும் நல்ல ராத்திரிதான்.

## வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

தெர்மாமீட்டர் கீமோ தொடங்குவதற்கு முன்பே வீட்டில் இருக்கட்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. கக்கத்தில் வைத்தால் வாயில் காட்டுவதைவிடப் பெரும்பாலும் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும். கக்கத்தில் 99.8 என்றால் நிம்மதி அடையாமல் வாயில் வைத்துப் பாருங்கள். சூடான காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் பொறுத்து வையுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது, அந்த மெல்லிய தோலில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வழி. அதே காரணத்தால் அங்கே வைக்கும் காய்ச்சல் மருந்தும் வேண்டாம்.

தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு பார்ப்போம் என்று போகிறவர்கள் நிறைய. இடுப்பில் போடும் அந்த ஊசி கீமோ நாட்களில் தனி ஆபத்து. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்திருக்கும் என்பதால் ஊசி போட்ட இடத்தில் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அரைகுறையாக ஒரு ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் பிறகு கல்ச்சரில் கிருமி பிடிபடாமலும் போகலாம்.

போன் செய்யும்போது என்ன புற்றுநோய், கடைசி கீமோ எந்தத் தேதி, காய்ச்சல் எவ்வளவு, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்ன மாத்திரை கொடுத்தீர்கள், போர்ட் இருக்கிறதா என்று சொன்னால் போதும். அந்தத் தேதியையும் மருத்துவமனையின் இரவு நேர எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் மகனுக்கு மருந்தின் பெயர் நினைவுக்கு வராது.

பரமக்குடி அம்மாவுக்கு அடுத்த சைக்கிளில் டாக்டர் ஒரு ஊசி சேர்த்து எழுதுவார். கீமோ முடிந்து ஒரு நாளாவது கழித்துப் போடும் இந்த பெக்ஃபில்கிராஸ்டிம், மஜ்ஜையை முடுக்கி நியூட்ரோபில்களைச் சீக்கிரம் வரவைக்கும். படை இல்லாத நாட்கள் குறையும், காய்ச்சல் வரும் வாய்ப்பும் குறையும். ஆனால் பூஜ்யம் ஆகாது. அந்த ஊசி போட்டிருந்தாலும் 100.4 வந்தால் அதே போன், அதே நேரத்தில்.